இருமல் சிரப்பை எடுத்துக் கொடுக்கும் முன்: மருந்தாளுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் கவுண்டரில் நிற்கும் மருந்தாளுநர்களுக்கு,

வணக்கம்.

மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடும் ஒருவர் ஒற்றைத் தலைவலிக்கு சுமட்ரிப்டான் சீட்டோடு உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருந்துச் செயலி எதில் தட்டிப் பார்த்தாலும் சிவப்பு எச்சரிக்கை வரும். "இது ரெண்டும் சேரக் கூடாதாம், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவீர்கள். அதே ஆள் அடுத்த மாதம் வந்து "வறட்டு இருமல், ஒரு சிரப் கொடுங்க" என்கிறார். யாரும் எதுவும் கேட்பதில்லை. பாட்டில் கைமாறுகிறது.

செரட்டோனின் நோய்க்குறி என்ற ஆபத்து எங்கே கூடுதலோ அங்கே கேள்வி இல்லை, எங்கே குறைவோ அங்கே தடை இருக்கிறது. இந்த மடல் அதைப் பற்றியது. இருமல் மருந்து என்றாலே இப்போது எல்லோருக்கும் கலப்படம்தான் நினைவுக்கு வருகிறது. நாங்கள் சொல்வது அதையல்ல. கலப்படமே இல்லாத, லேபிளில் உள்ளபடியே தயாரான நல்ல சிரப்பைப் பற்றித்தான் பேசுகிறோம்.

செரட்டோனின் நோய்க்குறி என்பது ஒவ்வாமை அல்ல. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சொல்லவே முடியாத விபத்தும் அல்ல. நரம்பு முனைகளுக்கு இடையே செரட்டோனின் அளவுக்கு மேல் சேர்வதால் வரும் நச்சுநிலை. மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை, வெளியான செரட்டோனினை நரம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. அது மட்டும் இருந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். அதே வேலையைச் செய்யும் இன்னொரு மருந்து சேரும்போதோ, செரட்டோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து சேரும்போதோதான் கணக்கு மீறுகிறது. மீறியது போய் உட்காரும் இடங்களில் முக்கியமானது 2ஏ எனப்படும் ஏற்பி. விறைப்பு, நடுக்கம், உடற்சூடு எல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகின்றன.

சுமட்ரிப்டானும் ரிசாட்ரிப்டானும் அந்த ஏற்பியைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். அவை வேலை செய்வது 1பி, 1டி என்ற வேறு இரண்டு ஏற்பிகளில். பிறகு ஏன் இவ்வளவு பயம்? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006-ல் விட்ட ஓர் எச்சரிக்கைதான் காரணம். அதற்கு அடிப்படை 29 நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள். பின்னர் தலைவலி நிபுணர்கள் அவற்றை எடுத்து ஆராய்ந்தபோது, இந்த நோய்க்குறியை உறுதிசெய்ய இன்று பயன்படும் ஹன்டர் அளவுகோலில் ஒன்றுகூடத் தேறவில்லை. பாஸ்டன் வட்டாரத்தில் 14 ஆண்டு மருத்துவப் பதிவுகளை அலசி 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வகை மருந்தும் சேர்த்து எழுதப்பட்ட 19,017 பேரில் உறுதியாகச் சொல்லக்கூடிய செரட்டோனின் நோய்க்குறி 2 பேருக்குத்தான் இருந்தது. ஆகவே மருத்துவர் தெரிந்து எழுதிய சுமட்ரிப்டானை நீங்கள் மறுக்க வேண்டியதில்லை. மாதத்தில் நாலு நாள் இருட்டறையில் படுத்துக் கிடப்பவருக்கு அந்த மறுப்பு சின்ன விஷயமில்லை. ட்ரிப்டான்களில் நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு: மாரடைப்பு, பக்கவாதம் வந்தவரா, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவரா என்பது. ரிசாட்ரிப்டான் என்றால் கூடவே ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறாரா என்பது. ப்ரொப்ரனலால் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும் என்பதால் அவருக்கு 10 மி.கி. அல்ல, 5 மி.கி.தான்.

இப்போது சிரப்புக்கு வருவோம்.

வறட்டு இருமலுக்கு நீங்கள் கொடுப்பவற்றில் பெரும்பாலானவற்றின் லேபிளில் முதல் பெயர் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். பெரும்பாலும் 5 மில்லியில் 10 மி.கி., சிலவற்றில் 15 மி.கி. கூடவே குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருமலை அடக்கும் மருந்து மட்டுமல்ல, செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதையும் அது தடுக்கிறது. எஸ்சிடலோபிராம் செய்யும் அதே வேலைதான், பலம் குறைவு. குளோர்ஃபெனிரமினுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. சளி மாத்திரை என்று நாம் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பலம் குறைவு என்றால் பயமில்லை என்று தோன்றும். சாதாரண ஆளுக்கு அது சரிதான். விழுங்கிய டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனில் பெரும்பகுதியை 2டி6 என்ற கல்லீரல் நொதி, ரத்தத்தில் பரவும் முன்பே உடைத்துவிடும். மீந்ததும் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஃப்ளூஒக்ஸெடினும் பராக்ஸெடினும் அந்த நொதியையே கட்டிப்போடுகின்றன. டுலோக்ஸெடின் ஓரளவு கட்டிப்போடும். புகைப்பழக்கத்தை விடக் கொடுக்கும் புப்ரோப்பியானும் அப்படியே, அதுவும் பலமாக. புகைபிடிப்பவருக்கு இருமல் இல்லாமல் இருக்குமா? எஸ்சிடலோபிராமும் வழக்கமான அளவில் செர்ட்ராலினும் இந்த விஷயத்தில் கொஞ்சம் சாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனையும் புப்ரோப்பியானையும் ஒரே மாத்திரையில் வைத்து, மனச்சோர்வுக்கான மருந்தாகவே 2022-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். புப்ரோப்பியான் அங்கே செய்யும் வேலைகளில் ஒன்று, 2டி6 நொதியை அடைத்து டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனை ரத்தத்தில் நிற்க வைப்பது. அங்கே அளவு பார்த்து, கண்காணிப்போடு செய்வதை இங்கே ஒருவர் தனக்கே தெரியாமல் பாட்டில் மூடியால் அளந்து செய்துகொள்கிறார்.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை பார்ப்போம். கற்பனை உதாரணம்தான், ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு மருந்தும் உங்கள் அலமாரியில் இருப்பது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். எண்ணச் சுழற்சி நோய்க்காகக் காலையில் ஃப்ளூஒக்ஸெடின் 40 மி.கி. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க இரவில் ஆமிட்ரிப்டிலின் 10 மி.கி. தலைவலி வந்துவிட்டால் சுமட்ரிப்டான் 50 மி.கி. பல மாதமாக இப்படியே போகிறது, தொந்தரவு ஒன்றும் இல்லை. வறட்டு இருமல் பிடிக்கிறது. கடையில் 100 மில்லி சிரப் வாங்குகிறார். 10 மில்லி மூன்று வேளை, ஆக நாளுக்கு 60 மி.கி. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். லேபிளில் உள்ள அளவுதான்.

நொதி அடைபட்டவருக்கு இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் குடித்த 60-ல் மறுநாள் 30 மிச்சம். அதோடு புதிய 60 சேர்ந்து 90, அதில் மூன்றாம் நாளுக்கு 45 மிச்சம். மூன்றாம் நாள் 105. கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்திருக்க வேண்டிய பங்கும் இப்போது உடையாமல் ரத்தத்துக்குப் போகிறது என்பதால் உண்மையான ஏற்றம் இதைவிட அதிகம். முதல் நாள் ஒன்றும் ஆகாமல் மூன்றாம் நாள் கோளாறு தொடங்குவது இதனால்தான். "ரெண்டு நாளா குடிச்சேன், ஒண்ணும் ஆகலையே" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. ஆமிட்ரிப்டிலினையும் அந்த நொதிதான் கழிக்கிறது. அதன் அளவும் ஃப்ளூஒக்ஸெடினால் முன்பே ஏறித்தான் இருந்திருக்கும்.

இருமி இருமி விலா வலிக்கிறது. கணவருக்கு முதுகுவலிக்கு எழுதிக்கொடுத்த டிரமடால்-பாராசிட்டமால் மாத்திரை வீட்டில் மிச்சமிருக்கிறது, ஒன்று போடுகிறார். டிரமடால் வலிநிவாரணி மட்டுமல்ல. செரட்டோனின் உறிஞ்சலை அதுவும் தடுக்கிறது. அன்று தலைவலியும் வந்ததால் ஒரு சுமட்ரிப்டான். இரண்டு மூன்று மணி நேரத்தில் உட்கார முடியாத பரபரப்பு, தலையணை நனையும் வியர்வை, நாலைந்து முறை வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், கால் தானாகத் துடிப்பு. அவசர சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தார் சொல்வது: "தலைவலி மாத்திரை போட்டதுக்கு அப்புறம்தான் இப்படி." சிரப்பை யாரும் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை.

ஃப்ளூஒக்ஸெடின் சாப்பிடும் எல்லோருக்கும் ஒரு பாட்டில் சிரப்பில் இப்படி ஆகும் என்று நாங்கள் சொல்லவில்லை. லேபிள் அளவில் குடிக்கும் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, அல்லது லேசான நடுக்கத்தோடும் தூக்கக் கெடுதலோடும் போய்விடும். கடுமையாவது, மேலே பார்த்தது போல மூன்றாவது மருந்தொன்று சேரும்போதும், இருமல் நிற்கவில்லை என்று பாட்டிலோடு குடிக்கும்போதும்தான். ஒரே ஒரு கூட்டு மட்டும் அளவு பார்க்காமல் தடை: செரட்டோனினைச் சிதைக்கும் மாவோ நொதியைத் தடுக்கும் மருந்துகள். அவை உங்கள் கடையில் மனநோய் மருந்தாக வருவதில்லை. பார்க்கின்சன் நோய்க்கு எழுதும் ராசாஜிலின், செலெஜிலின் என்ற பெயரில் வரும். காசநோயிலும் பிற தொற்றுகளிலும் எழுதும் லினசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்காக வரும். இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் டிரமடாலும் போகவே கூடாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி. "மனநல மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கவுண்டரில், பின்னால் மூன்று பேர் நிற்கும்போது கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பலருக்கு அது மனநல மாத்திரை என்றே தெரியாது. குளோனசிபாமோடு சேர்ந்து வரும் எஸ்சிடலோபிராம் அவர்களுக்குத் தூக்க மாத்திரை. சர்க்கரை நோயாளிக்கு டுலோக்ஸெடின் கால் எரிச்சல் மாத்திரை. விந்து முந்துதலுக்கு வாங்கும் டபாக்ஸெடினும் இதே குடும்பம்தான், அதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? "தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாவது இருக்கா? தூக்கத்துக்கு, நரம்புக்கு, கால் எரிச்சலுக்கு, வலிக்கு? அட்டை போட்டோ இருந்தா காட்டுங்க, சிரப் அதுக்கு ஒத்துக்கணும்" என்று கேளுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் போனை எடுத்துக் காட்டுவார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: "சமீபத்துல ஏதாவது நிறுத்தினீங்களா?" ஃப்ளூஒக்ஸெடினும் அது உடைந்து உண்டாகும் பொருளும் உடம்பை விட்டுப் போக ஐந்து வாரம் வரை ஆகும். மாத்திரை அட்டை வீட்டில் இல்லாததால் மருந்தும் உடம்பில் இல்லை என்று ஆகாது.

இது கூடுதல் சேவை என்று நினைக்க வேண்டாம். இந்திய பார்மசி கவுன்சிலின் 2015-ம் ஆண்டு நடைமுறை விதிகளில் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமை என்றே இருக்கிறது. பதிவுபெற்றவரின் சான்றிதழ் சுவரில் தொங்க, பாட்டிலை வேறொருவர் எடுத்துக் கொடுக்கும் கடைகளில் இந்தக் கேள்வியை யார் கேட்பது என்பதை உரிமையாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

பதில் "ஆமாம்" என்றால் கையை விரிக்க வேண்டியதில்லை. சளியோடு வரும் இருமலை அடக்கவே கூடாது. அம்ப்ராக்ஸால், ப்ரோம்ஹெக்ஸின், குவாய்ஃபெனசின் ஆகியவற்றுக்கு இந்த வம்பு இல்லை. ஆனால் லேபிளை முழுக்கப் படியுங்கள். ஏறக்குறைய ஒரே பெயரில் ஒரு சிரப் அம்ப்ராக்ஸாலோடு வரும், பின்னால் ஓரிரு எழுத்து மாறினால் அதுவே டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். வறட்டு இருமலுக்கு, சர்க்கரை இல்லாத பெரியவர் என்றால், படுக்கும் முன் இரண்டு ஸ்பூன் தேன் உண்மையிலேயே பலன் தரும். அதற்கு மேல் வேண்டுமானால் மருத்துவரே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் எந்த சிரப்பும் பதில் இல்லை, சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுபவரின் வறட்டு இருமல் அந்த மாத்திரையாலேயே வந்ததாக இருக்கலாம்.

ஏற்கெனவே கோளாறு தொடங்கிய ஒருவர் உங்களிடம் வந்தால்? அவர் நோய்க்குறி என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். "காய்ச்சல், நடுக்கம், வயிற்றாலே போகுது" என்றுதான் வருவார். டெங்குவோ வைரஸ் காய்ச்சலோ என்று நினைத்து பாராசிட்டமால் கொடுப்பது இயல்பு. அந்தச் சூடு பாராசிட்டமாலுக்கு இறங்காது. மூளை வெப்பத்தை ஏற்றிவைத்ததால் வந்த காய்ச்சல் அல்ல அது, ஓயாமல் இறுகும் தசைகளிலிருந்து வரும் வெப்பம். அடையாளம் காலில்தான் கிடைக்கும், கையைவிடக் காலில் கூடுதலாக. உட்காரவைத்து, முழங்காலைச் சற்று மடக்கியபடி பாதத்தை வெடுக்கென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால், பாதம் உங்கள் கையை எதிர்த்து டக் டக் என்று தொடர்ந்து அடிக்கும். க்ளோனஸ் என்பது இதுதான். குளிர்காய்ச்சல் நடுக்கத்தில் இது வராது. கண்மணி விரிந்து, தோல் ஈரமாக இருக்கும். இந்த மருந்துகளோடு க்ளோனஸும், கூடவே பரபரப்போ வியர்வையோ இருந்தால் ஹன்டர் அளவுகோலுக்கு அதுவே போதும். ரத்தப் பரிசோதனை எதுவும் இதைக் காட்டித்தராது. சோதித்துப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மருந்துப் பட்டியலும் வியர்வையும் நடுக்கமும் சேர்ந்திருந்தாலே அனுப்பிவைக்கலாம்.

அனுப்பும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடுத்த வேளை மருந்து எதுவும் வேண்டாம், சிரப்பும் மாத்திரையும் எல்லாமே. லேசான நடுக்கம் மட்டும் என்றால் சிரப்பை நிறுத்திவிட்டு அன்றே எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரையை இனிமேல் தொடவே வேண்டாம் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். பராக்ஸெடினையும் வென்லாஃபாக்சினையும் திடீரென்று நிறுத்தினால் அது இன்னொரு அவதி. உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, கால் விறைக்கிறது என்றால் 108. பரபரப்பாக இருக்கிறார் என்று கட்டிப் பிடித்து அமுக்க வேண்டாம், திமிறத் திமிற சூடு ஏறும். பாட்டில், அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு அனுப்புங்கள். நடுக்கத்தைக் குளிர்நடுக்கம் என்று எண்ணி வழியில் எந்த கிளினிக்கிலாவது டிரமடாலோ பெத்திடினோ ஊசியாகப் போட்டுவிடும் அபாயம் உண்டு. இரண்டுமே இந்தத் தீயில் எண்ணெய். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் "செரட்டோனின் நோய்க்குறியாக இருக்கலாம், டிரமடால், பெத்திடின் வேண்டாம்" என்று எழுதி அந்தப் பையில் வையுங்கள்.

மருத்துவமனையில் டயசிபாம் போன்ற மருந்துகளால் பரபரப்பையும் தசை இறுக்கத்தையும் தளர்த்துவார்கள், உடம்பைக் குளிரவைப்பார்கள். தேவைப்பட்டால் சைப்ரோஹெப்டடின் 12 மி.கி. முதல் வேளையாகக் கொடுத்து, குணம் தெரியும்வரை இரண்டு மணிக்கொரு முறை 2 மி.கி. தொடர்வார்கள். அது 2ஏ ஏற்பியை மறிக்கும் மருந்து. ஊசியாகக் கிடையாது, மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியாகவாவது கொடுக்க வேண்டும். பசி எடுக்க, உடம்பு பெருக்க என்று நீங்கள் விற்கும் 4 மி.கி. மாத்திரைதான் அது. சில மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு அலமாரியில் அது இருக்காது, இரவு பதினொரு மணிக்கு உறவினர் ஒருவர் சீட்டோடு உங்கள் கடைக்குத்தான் ஓடி வருவார். பசி மாத்திரைக்கு இந்த நேரத்தில் என்ன அவசரம் என்று கேட்காமல் மூன்று மாத்திரையை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதி அட்டையையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருந்தியல் கற்பிப்போரும் மருத்துவமனை மருந்தகங்களில் பணிபுரிவோரும் ஆகிய சிலர்